தாயகம் திரும்பும் வெளிநாடுவாழ் இந்தியரின் வங்கிக் கணக்கு மாற்றம்

தாயகம் திரும்பும் வெளிநாடுவாழ் இந்தியரின் வங்கிக் கணக்கு மாற்றம் என்பது, பல ஆண்டுகள் வெளிநாட்டில் பணிபுரிந்து இந்தியாவில் நிலையாகத் தங்க வரும் ஒருவர், வதியாதோருக்கு உரிய கணக்குகளை வதிவோர் கணக்குகளாக மாற்றுவதையும், வெளிநாட்டில் உள்ள சேமிப்பைச் சட்டத்திற்கு உட்பட்டு வைத்துக்கொள்வதையும் குறிக்கும். ஒரே மனிதரின் வதிவிட நிலையை இரு சட்டங்கள் இரு வேறு முறைகளில் கணிக்கின்றன. ஒன்று, 2000 ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999. சுருக்கமாக இது பெமா சட்டம் எனப்படுகிறது. மற்றொன்று வருமான வரிச் சட்டம். இவ்விரண்டும் ஒரே நாளில் ஒருவரை வதிவோர் ஆக்குவதில்லை. திரும்பி வருவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை அறியாததால் விளைபவை.

## கணக்கு வகைகள்

வெளிநாட்டில் வாழும் இந்தியர் பொதுவாக மூன்று வகைக் கணக்குகளை இந்திய வங்கிகளில் வைத்திருப்பர். என்.ஆர்.இ. கணக்கு ரூபாயில் இருக்கும். வெளிநாட்டில் ஈட்டிய பணம் இதில் வந்து சேரும். அதை எந்த வரம்புமின்றித் திரும்ப வெளிநாட்டிற்கு அனுப்பலாம். என்.ஆர்.ஓ. கணக்கும் ரூபாயில்தான் இருக்கும். ஆனால் இது வீட்டு வாடகை, ஓய்வூதியம் போன்று இந்தியாவிலேயே பிறக்கும் வருமானத்திற்கு உரியது. எப்.சி.என்.ஆர். என்பது டாலர், பவுண்டு முதலிய வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கப்படும் நிலை வைப்பு ஆகும். இதன் காலம் 1 முதல் 5 ஆண்டுகள்.

நான்காவதாக ஒரு கணக்கு உண்டு. திரும்பி வந்தவருக்கு மட்டுமே அது பயன்படும் என்பதால் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டிருப்பதில்லை. அதுவே ஆர்.எப்.சி. கணக்கு, அதாவது வதிவோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு. தாயகம் திரும்பியவர் தம் டாலரை டாலராகவே இந்திய வங்கியில் வைத்திருக்க இது வழி செய்கிறது. இதிலுள்ள பணத்தை வெளிநாட்டில் செலவிடவோ முதலீடு செய்யவோ தடையில்லை. சேமிப்புக் கணக்காகவும் நிலை வைப்பாகவும் இதைத் தொடங்கலாம்.

## இரண்டு சட்டங்கள், இரண்டு கணிப்புகள்

பெமா சட்டம் முதன்மையாக நோக்கத்தைப் பார்க்கிறது. வேலையில் சேரவோ, தொழில் நடத்தவோ, எப்போது திரும்பிச் செல்வோம் என்ற வரையறை இல்லாமல் தங்கவோ ஒருவர் இந்தியா வந்தால், வந்த நாளிலிருந்தே அவர் வதிவோராகக் கொள்ளப்படுகிறார். விடுமுறைக்கு வந்தவருக்கு இது பொருந்தாது. எனவே என்.ஆர்.இ. கணக்கை வதிவோர் கணக்காக மாற்றவோ, அதிலுள்ள பணத்தை ஆர்.எப்.சி. கணக்கிற்குக் கொண்டுசெல்லவோ வேண்டிய கடமை, திரும்பிய உடனேயே தொடங்கிவிடுகிறது. இதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் பயன்படுத்தும் சொல்லும் "உடனடியாக" என்பதே.

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அந்த ஆண்டுக்கு வதிவோர் ஆவார். அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாட்களும் இருந்தாலும் வதிவோரே. 2026 ஏப்ரல் 1 முதல், 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் நாட்களை எண்ணும் இவ்விதிகள் அதிலும் தொடர்கின்றன.

வரிச் சட்டத்தில் ஓர் இடைநிலையும் உள்ளது. வதிவோர் ஆகிவிட்ட ஒருவர், முந்தைய 10 நிதியாண்டுகளில் 9 ஆண்டுகள் வதியாதோராக இருந்திருந்தால், அல்லது முந்தைய 7 நிதியாண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்திருந்தால், அவர் "வழமையாக வதியாத வதிவோர்" எனப்படுவார். ஆங்கில எழுத்துச் சுருக்கமாக இதனை ஆர்.என்.ஓ.ஆர். என்பர். இந்நிலையில் இருக்கும் வரை, அவருடைய வெளிநாட்டு வங்கி வட்டி, பங்கு ஈவு, வெளிநாட்டுச் சொத்தை விற்ற ஆதாயம் ஆகியவற்றுக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவில் பிறக்கும் வருமானத்திற்கு மட்டுமே வரி உண்டு.

"ஆர்.என்.ஓ.ஆர். காலம் முழுவதும் என்.ஆர்.இ. கணக்கை வைத்துக்கொள்ளலாம், வட்டிக்கும் வரியில்லை" என்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம். இது தவறு. ஆர்.என்.ஓ.ஆர். என்ற சொல் வரிச் சட்டத்தில் மட்டுமே உள்ளது. பெமா சட்டத்தில் அப்படி ஓர் இடைநிலை இல்லை. என்.ஆர்.இ. வட்டிக்கான வரிவிலக்கோ, கணக்கு வைத்திருப்பவர் பெமா சட்டப்படி வெளிநாட்டில் வதிபவராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே ஒருவர் நிலையாகத் திரும்பிய நாளிலேயே இந்த விலக்கு முடிந்துவிடுகிறது. எப்.சி.என்.ஆர்., ஆர்.எப்.சி. வைப்புகளின் வட்டிக்கான விலக்கு இப்படிப்பட்டதன்று. அது வரிச் சட்டத்தின் நிலையையே பின்பற்றுவதால், வதியாதோருக்கும் ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் உள்ளோருக்கும் கிடைக்கிறது. ஒரே வங்கியில் ஒரே ஆளின் பெயரில் உள்ள இரண்டு வைப்புகளில், ஒன்றின் வட்டிக்கு வரி உண்டு, மற்றதற்கு இல்லை என்ற நிலை இவ்வாறு ஏற்படுகிறது.

## ஓர் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் 2012 இல் அமெரிக்கா சென்று, 2024 ஜூலை 10 அன்று நிலையாகத் திரும்பினார் எனக் கொள்வோம். அவரிடம் 7 விழுக்காட்டு வட்டியில் 20 லட்சம் ரூபாய் என்.ஆர்.இ. நிலை வைப்பு உள்ளது. 2027 பிப்ரவரியில் முதிர்வடையும் 50,000 டாலர் எப்.சி.என்.ஆர். வைப்பு, வாடகை வந்து சேரும் ஒரு என்.ஆர்.ஓ. கணக்கு, அமெரிக்க வங்கி ஒன்றில் 40,000 டாலர் ஆகியவையும் உள்ளன.

முதலில் அவருடைய வரி நிலையைப் பார்ப்போம். ஜூலை 10 முதல் மார்ச் 31 வரை 265 நாட்கள் இந்தியாவில் இருந்ததால் 2024-25 நிதியாண்டில் அவர் வதிவோர். முந்தைய 10 ஆண்டுகளும் வதியாதோராக இருந்தவர் என்பதால் அவ்வாண்டில் ஆர்.என்.ஓ.ஆர். நிலை உறுதி. 2025-26 இல், முந்தைய 10 ஆண்டுகளில் ஓர் ஆண்டு மட்டுமே வதிவோர். எனவே அப்போதும் அதே நிலை. 2026-27 இல் முதல் சோதனை பொருந்தாது, ஏனெனில் வதியாதோராக இருந்த ஆண்டுகள் 8 ஆகக் குறைந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது 729 நாள் சோதனை மட்டுமே.

அச்சோதனைக்கு 2019-20 முதல் 2025-26 வரையிலான 7 ஆண்டுகளின் நாட்களைக் கூட்ட வேண்டும். திரும்பிய பின் உள்ள இரண்டு ஆண்டுகளுக்கு 265 உம் 365 உம் சேர்ந்து 630 நாட்கள். மீதமிருப்பவை 99 நாட்கள். இவற்றை நிர்ணயிப்பவை, அவர் அமெரிக்காவில் இருந்தபோது விடுமுறைக்கு ஊருக்கு வந்து தங்கிய நாட்கள். 2019-20 இல் 28 நாட்கள், கொரோனாப் பரவலால் 2020-21 இல் வரவே இல்லை, அடுத்த மூன்று ஆண்டுகளில் 25, 21, 24 நாட்கள் என்றால் மொத்தம் 98. கூட்டுத்தொகை 728. வரம்பிற்கு ஒரு நாள் குறைவாக இருப்பதால் மூன்றாம் ஆண்டும் அவருக்கு ஆர்.என்.ஓ.ஆர். நிலை கிடைக்கிறது. ஏதோ ஒரு பொங்கலுக்கு வந்தபோது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியிருந்தால், ஓராண்டு வெளிநாட்டு வருமானம் முழுவதும் வரிக்கு உட்பட்டிருக்கும். கடவுச்சீட்டின் முத்திரைகளைக் கொண்டு இக்கணக்கைப் போடும்போது, வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. பழைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2027-28 முதல் எந்தச் சோதனையும் பொருந்தாது. அவர் முழுமையான வதிவோர் ஆகிவிடுவார்.

இனி என்.ஆர்.இ. வைப்பு. 20 லட்சத்திற்கு ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். 2024 ஏப்ரல் 1 முதல் ஜூலை 9 வரையிலான 100 நாட்களுக்கு உரிய 38,356 ரூபாய்க்கு வரி இல்லை. ஜூலை 10 முதலான 265 நாட்களுக்கு உரிய 1,01,644 ரூபாய்க்கு வரி உண்டு. அவர் 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால், 4 விழுக்காட்டுக் கூடுதல் வரியுடன் சேர்த்து ஏறத்தாழ 31,700 ரூபாய் செலுத்த வேண்டும். அவர் வங்கிக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டால், வங்கி வரிப் பிடித்தம் எதுவும் செய்யாமல் முழு வட்டியையும் தந்துகொண்டே இருக்கும். சிக்கல் இருப்பதை வெளிக்காட்டும் அறிகுறி எதுவும் கணக்கு அறிக்கையில் தோன்றாது. உண்மையில், திரும்பி வந்த பின்னும் கணக்கு அறிக்கையில் என்.ஆர்.இ. என்ற பெயர் நீடிப்பதும், வட்டியில் பிடித்தம் இல்லாதிருப்பதுமே தவறு நடந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள்.

## மாற்றும் முறை

பொறியாளர் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, திரும்பிய தேதியைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுதுவது. அதனுடன் கடவுச்சீட்டில் வருகை முத்திரை உள்ள பக்கம், பான் அட்டை, இந்திய முகவரிச் சான்று, எந்த நாட்டின் வரி வதிவோர் என்பது பற்றிய உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றை வங்கிகள் கேட்கின்றன. என்.ஆர்.ஓ. கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறும். அதுவரை அதன் வட்டியில் 30 விழுக்காடும் கூடுதல் வரியும் பிடிக்கப்பட்டிருக்கும். மாறிய பின் நிலை வைப்பு வட்டியில் 10 விழுக்காடே பிடிக்கப்படும். எனவே இக்கணக்கை மாற்றாமல் விடுவோர், பிடித்தம் போன பணத்தைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் காத்திருக்க நேரிடும்.

என்.ஆர்.இ. வைப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. வதிவோர் வைப்பாக மாற்றி, ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு வரை தொடரலாம். அல்லது டாலராக்கி ஆர்.எப்.சி. கணக்கிற்கு மாற்றலாம், இதற்காக முதிர்வுக்கு முன் முறித்தால் தண்டத் தொகை இல்லை. ஆனால் வைப்பு தொடங்கி ஓராண்டு நிறைவடையாமல் ஆர்.எப்.சி.க்கு மாற்றினால், அதுவரையிலான காலத்திற்கு ஆர்.எப்.சி. சேமிப்புக் கணக்கின் சிறிய வட்டிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 7 விழுக்காட்டு ரூபாய் வட்டி, 31.2 விழுக்காட்டு வரி போக 4.8 விழுக்காடாகச் சுருங்கும். ஆர்.எப்.சி. டாலர் வைப்பு 4 விழுக்காடு தந்தாலும், ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் அது வரியின்றிக் கைக்கு வரும். டாலர் மதிப்பின் ஏற்றத்தாழ்வு இதனுடன் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பு போன்று பின்னர் டாலரில் செலவு வரும் என்று தெரிந்தவருக்கு ஆர்.எப்.சி. ஏற்றது, வீடு கட்டப் போகிறவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, திரும்பிச் செல்ல முடியாத வாயில். என்.ஆர்.இ. பணம் சாதாரண ரூபாய்க் கணக்காக மாறிவிட்டால், அதைத் தடையின்றி வெளிநாட்டிற்கு அனுப்பும் உரிமை போய்விடும். பின்னர் அனுப்ப வேண்டுமானால், வதிவோர் அனைவருக்கும் பொதுவான, ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பிற்குள் மட்டுமே அனுப்பலாம். ஆர்.எப்.சி.யில் இருக்கும் பணத்திற்கு அவ்வரம்பு இல்லை. ஆகவே எந்தப் பகுதி டாலராகவே இருக்க வேண்டும் என்பதை மாற்றத்திற்கு முன் முடிவு செய்துகொள்வது நல்லது.

எப்.சி.என்.ஆர். வைப்பை அவசரமாக முறிக்கத் தேவையில்லை. ஒப்புக்கொண்ட வட்டியில் முதிர்வு வரை தொடர விதிகள் இடமளிக்கின்றன. மேற்கண்ட பொறியாளரின் 50,000 டாலர் 2027 பிப்ரவரியில் முதிர்வடையும்போது ஆர்.எப்.சி.க்கு மாற்றப்படலாம். 2027 மார்ச் 31 வரையிலான வட்டிக்கு வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் உண்டு.

வங்கிக் கணக்கோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பங்குகளுக்கான டிமேட் கணக்கு, பரஸ்பர நிதி முதலீடுகள் ஆகியவற்றிலும் வதிவிட நிலையை மாற்ற வேண்டும். பழைய வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் செல்லும் தவணைகள், கணக்கின் வகை மாறும்போது நின்றுபோவதுண்டு.

## வெளிநாட்டில் உள்ள சேமிப்பு

திரும்பியவுடன் அமெரிக்கக் கணக்கை மூடிப் பணத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெமா சட்டத்தின் 6(4) ஆம் பிரிவு, ஒருவர் வெளிநாட்டில் வதிந்தபோது பெற்ற வெளிநாட்டு நாணயம், பங்குகள், அசையாச் சொத்து ஆகியவற்றைத் திரும்பிய பின்னும் வைத்திருக்க அனுமதிக்கிறது. இச்சொத்துகளின் வருமானத்தையும் விற்பனைத் தொகையையும் கொண்டே வெளிநாட்டில் புதிய முதலீடு செய்யலாம் என்று 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. ஆனால் முதலீட்டிற்கான பணம் முழுவதும் அந்தப் பழைய சேமிப்பிலிருந்தே வர வேண்டும்.

மென்பொருள் துறையினர் இடறுவது இங்கேதான். சிலர் இந்தியா திரும்பியும் அதே அமெரிக்க நிறுவனத்திற்கு வீட்டிலிருந்து வேலை செய்து, சம்பளத்தை அமெரிக்கக் கணக்கிலேயே பெற்றுவருகின்றனர். இந்தியாவில் இருந்துகொண்டு செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் பிறந்த வருமானம் ஆகும். அதற்கு ஆர்.என்.ஓ.ஆர். நிலையிலும் வரி உண்டு. அது வெளிநாட்டில் வதிந்தபோது ஈட்டிய பணம் அன்று என்பதால் 6(4) பாதுகாப்பும் அதற்கு இல்லை. இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட வேண்டும். பழைய சேமிப்பும் புதிய சம்பளமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், எது எது என்று பின்னர் நிரூபிப்பது கடினம். புதிய வருமானத்திற்குத் தொடக்கத்திலிருந்தே இந்தியக் கணக்கைப் பயன்படுத்துவதே எளிய தீர்வு.

அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர், அங்கு வதியாதோர் ஆனதும் வங்கிக்கும் பங்குத் தரகு நிறுவனத்திற்கும் டபிள்யூ-8 பென் என்னும் படிவத்தைத் தர வேண்டும். அதன்பின் அவருடைய சாதாரண வங்கி வைப்பு வட்டிக்கு அமெரிக்காவில் வரி இல்லை. பங்கு ஈவில் இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின்படி 25 விழுக்காடு பிடிக்கப்படும். 401(கே) போன்ற ஓய்வுக்காலக் கணக்கில் ஆண்டுதோறும் சேரும் வருமானத்திற்கு, பணத்தை எடுக்கும் ஆண்டில் மட்டும் வரி செலுத்தும் தெரிவை இந்திய வரிச் சட்டம் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளின் கணக்குகளுக்கு அளிக்கிறது. இன்னொரு சிறு விடயம்: அமெரிக்க வங்கிகள் ஒருமுறைக் கடவுச்சொல்லை அங்குள்ள கைபேசி எண்ணுக்கே அனுப்புவது வழக்கம். புறப்படும் முன் அந்த எண்ணைத் தொடர்ந்து இயங்கும்படி செய்யாதவர்கள், தம் பணத்தைத் தாமே பார்க்க முடியாத நிலைக்கு ஆளாகின்றனர்.

ஆர்.என்.ஓ.ஆர். காலம் முடிந்த ஆண்டிலிருந்து உலகில் எங்கு கிடைக்கும் வருமானத்திற்கும் இந்தியாவில் வரி உண்டு. வரி விவரப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையையும் நிரப்ப வேண்டும். வருமானம் எதுவும் தராத, சில நூறு டாலர் மட்டுமே உள்ள கணக்கும் இதில் அடங்கும். 2015 ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி, தெரிவிக்காததற்குத் தண்டம் 10 லட்சம் ரூபாய். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இத்தண்டம் இல்லை. எடுத்துக்காட்டில் கண்டவரின் 40,000 டாலர் இவ்வரம்பைத் தாண்டியது. 2015 இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கணக்கு விவரங்கள் இரு அரசுகளுக்கிடையே பரிமாறப்படுவதால், வரித்துறைக்கு இது தெரியவராது என்று எண்ணுவதற்கில்லை.

## தாமதமாகிவிட்டால்

ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தவறை உணர்பவர் முதலில் செய்ய வேண்டியது, உண்மையான திரும்பிய தேதியைக் குறிப்பிட்டுக் கணக்கை மாற்றுவது. தேதியைத் தள்ளிப்போட்டு எழுதுவது, கடவுச்சீட்டு முத்திரையோடு முரண்படும். விடுபட்ட வட்டிக்கு, புதுப்பித்த வரி விவரம் தாக்கல் செய்யலாம். 2025 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கான காலத்தை, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீட்டித்தது. முதல் 12 மாதங்களுக்குள் செய்தால், வரியும் தாமத வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 25 விழுக்காடு கூடுதலாகச் செலுத்த வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 50, 60, 70 விழுக்காடாக உயரும். பெமா விதிமீறலுக்குத் தொடர்புடைய தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுள்ளது. தாமாக முன்வந்து ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பித்து, ஒரு தொகை செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொள்ளும் இணக்கத் தீர்வு முறையும் அச்சட்டத்திலேயே உண்டு.

மீண்டும் வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் புறப்பட்ட பின், ஆர்.எப்.சி. இருப்பை என்.ஆர்.இ. அல்லது எப்.சி.என்.ஆர். கணக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். அவர்களுடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு அப்போது என்.ஆர்.ஓ. கணக்காக மாறும்.